பத்துப் பட்டை, தனிக் கட்டம்: ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இடமதிப்புப் பணித்தாள் தயாரிப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே ‘பட்டை’ என்று வந்தால் பத்துச் சிறு சதுரங்கள் ஒட்டி நிற்கும் நீளத் துண்டு. ‘கட்டம்’ என்றால் ஒன்றைக் குறிக்கும் ஒற்றைச் சதுரம். இவற்றை வரைந்து வைக்கும் பெரிய செவ்வகம் ‘பெட்டி’. இந்த மூன்றும் குழம்பாமல் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

பத்துக்கு ஒரு பெட்டி, ஒன்றுக்கு ஒரு பெட்டி போட்டு, உள்ளே படம் வரைஞ்சு கொடுத்தேன். எல்லாரும் சரியா எழுதிட்டாங்க. ஆனா மறுநாள் கேட்டா ஒண்ணும் தெரியல. ஏன்?

ஏனென்றால் அந்தத் தாளைச் சரியாகப் போட இடமதிப்பு தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. இடது பெட்டியில் மூன்று பொருள் இருக்கிறது, கீழே 3 எழுது. வலது பெட்டியில் நான்கு இருக்கிறது, பக்கத்தில் 4 எழுது. முடிந்தது, 34. பட்டைக்குப் பதில் மூன்று நிலாவும் கட்டத்துக்குப் பதில் நான்கு நட்சத்திரமும் வரைந்திருந்தாலும் அதே குழந்தை அதே விடையைத்தான் எழுதியிருக்கும். பத்து என்ற எண்ணம் அதன் தலைக்குள் ஒரு முறைகூட எட்டிப் பார்த்திருக்காது.

நான் முதலில் செய்த தாள்களும் இப்படித்தான் இருந்தன. ஒரு பையன் பத்துக்குப் பத்து எடுத்தான். அதே தாளில் ஒரு படத்தைக் காட்டி “இதில் மொத்தம் எத்தனை சின்னச் சதுரம் இருக்கு?” என்று கேட்டேன். “ஏழு” என்றான். படம் 34.

அதனால் ஒவ்வொரு கணக்கை வரையும்போதும் என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பட்டையைப் பத்தாகப் பார்க்காமலே இதற்குச் சரியான விடை எழுத முடியுமா? முடியும் என்றால் கணக்கை மாற்ற வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

விடை எழுதும் இடத்தை எப்படி வைக்கணும்?

பெட்டிக்கு நேர் கீழே ஒவ்வொரு கோடு போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பிரச்சினை ஆரம்பிப்பதும் அங்கேதான், எண்ணியதை அப்படியே இறக்கி வைக்கச் சொல்லித் தருவது அந்த இரண்டு கோடுகள்தான்.

அதற்குப் பதில் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து, நடுவில் வருகிற மாதிரி இப்படி ஒரு வரி போடுங்கள்:

____ + ____ = ____

32-க்கான படம் என்றால் குழந்தை எழுத வேண்டியது 30 + 2 = 32. பட்டையை வெறும் ஒரு பொருளாக எண்ணிய குழந்தை இங்கே 3 + 2 என்று எழுதும், அப்புறம் சமக் குறிக்குப் பக்கத்தில் 5 எழுதும், அல்லது 32 என்று எழுதிவிட்டு நம்மைப் பார்த்து விழிக்கும். இரண்டில் எது நடந்தாலும் நமக்குச் செய்தி வந்துவிட்டது. வேறு எந்த மாற்றமும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

கூட்டல் குறி இன்னும் அறிமுகமாகாத குழந்தை என்றால் ‘30-உம் 2-உம் சேர்ந்து 32’ என்று வார்த்தையில் போட்டு எண்களுக்கு மட்டும் இடம் விடலாம்.

பட்டைக்குள்ளே பத்துச் சதுரமும் தெரியணுமா? வெறும் நீளக் கோடு போதாதா?

அச்சடித்துக் கொடுக்கும் படத்தில் பத்தும் தெரிய வேண்டும், பத்தும் தனிக் கட்டத்தின் அதே அளவில் இருக்க வேண்டும். அதுதான் இந்தப் படத்தின் உயிர். சந்தேகப்படும் குழந்தை விரலை வைத்து எண்ணிப் பார்த்து, பத்து இருக்கிறது என்று தானே உறுதி செய்துகொள்ள வழி வேண்டும். வெறும் கோட்டைக் காட்டி ‘இது பத்து’ என்றால் அது நாம் சொன்ன கதை, குழந்தை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

கணினியில் வரையும்போது இங்கே ஒரு வழுக்கல் உண்டு. பட்டையை ஒரு முறை வரைந்து நகல் எடுத்து ஒட்டுகிறோம். இடம் போதவில்லை என்று ஓரத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்கினால் சதுரங்கள் சப்பையாகிவிடும், பட்டை ஏழு கட்ட உயரத்துக்கு வந்து நிற்கும். பெரியவர்கள் கண்ணுக்கு அது படாது. ஆனால் தனிக் கட்டங்களைப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் குழந்தைக்கு அது பொய்ப் படம். இடம் போதவில்லை என்றால் கணக்கைக் குறையுங்கள், பட்டையைக் குறுக்காதீர்கள்.

சரி, அளவு எவ்வளவு வைப்பது? A4 தாளில் எத்தனை கணக்கு கொள்ளும்?

நான் வைப்பது ஆறு. கணக்கு இப்படி வருகிறது. கட்டத்தின் பக்கம் 5 மி.மீ. என்றால் பட்டை 5 செ.மீ. உயரம். பட்டைகளை நிற்க வைத்து, நடுவில் 4 மி.மீ. இடைவெளி விட்டால் ஐந்து பட்டைகள் 41 மி.மீ. அகலத்தில் அடங்கும், ஆக பத்துப் பெட்டி 5 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம் இருந்தால் தாராளம். ஒன்றுப் பெட்டிக்கு அதே உயரம், 3.5 செ.மீ. அகலம் போதும். இரண்டும் ஒட்டி நின்றால் ஒரு கணக்கு 8.5 செ.மீ. A4 தாளின் அகலம் 21 செ.மீ., இரு பக்கமும் ஒன்றரை விட்டால் 18 மிஞ்சும், அதில் இரண்டு கணக்கும் நடுவில் 1 செ.மீ. இடைவெளியும் கச்சிதமாக உட்காரும். மேலிருந்து கீழே, விடை வரிக்கு ஒன்றரை செ.மீ. சேர்த்து மூன்று வரிசை. அதற்கு மேல் பெயர் எழுத கொஞ்சம் இடம் மிஞ்சும், அது போதும்.

ஐந்து பட்டைக்கு மேல் இந்தப் பெட்டியில் கொள்ளாது, கொள்ளவும் வேண்டாம். 50-க்குள் புரியாத விஷயம் 90-இல் புரியப் போவதில்லை. எட்டு பட்டை, ஒன்பது பட்டை என்று வரிசையாக நிறுத்தினால் பட்டைகளை எண்ணுவதே பெரிய வேலையாகிவிடும்.

விடை வரிக்கு ஒன்றரை செ.மீ. உயரம் அதிகம் என்று நினைக்காதீர்கள். ஆறு வயது எழுத்து பெரியது. இடம் குறைந்தால் 3 கோட்டுக்கு மேலேயும் 0 கோட்டுக்குக் கீழேயும் போய், அது 30-ஆ 3-ஆ என்று நாமே தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

அச்செடுக்கும்போது, கையில் வைத்திருக்கும் உண்மையான கட்டைகளைப் படத்தின் மேல் பொருத்திப் பார்க்க வைப்பதாக இருந்தால் மட்டும், கட்டத்தின் அளவைக் கட்டையின் அளவுக்கே வரைந்து, `Fit` என்பதை விட்டு `Actual size` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை இதை மறந்து ஒரு வகுப்புக்கு முழுசாக எடுத்துவிட்டேன், ஒரு தாளிலும் கட்டை படத்தோடு பொருந்தவில்லை. 1 செ.மீ. கட்டை என்றால் பட்டை 10 செ.மீ. ஆகும், தாளுக்கு இரண்டு கணக்குதான் வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிக் கட்டங்களைச் சும்மா சிதறிப் போடலாமா, அடுக்கணுமா?

அடுக்குங்கள், ஆனால் ஒட்டி அடுக்காதீர்கள். மூன்று நான்கு பொருள் வரைக்கும் கண் எண்ணாமலே சொல்லிவிடும். அதற்கு மேல் சிதறிக் கிடந்தால் சில குழந்தைகள் ஒன்றை இரண்டு தடவை எண்ணும், ஒன்றை விட்டுவிடும். அந்தத் தவறு எண்ணுவதில் வந்தது, இடமதிப்பில் வந்தது இல்லை, ஆனால் தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால் ஐந்து வரைக்கும் ஒரு நிரை, மீதி பக்கத்து நிரை. ஏழு என்றால் ஐந்தும் இரண்டும்.

ஒட்டி அடுக்கினால் என்ன ஆகும் என்றால், ஐந்து கட்டம் சேர்ந்து ஒரு குட்டிப் பட்டை மாதிரி நிற்கும். ‘இதுவும் பட்டைதான்’ என்று அதையும் பத்தாக எண்ணும் குழந்தை உண்டு, அதன் மேல் தப்பும் சொல்ல முடியாது. 2 மி.மீ. இடைவெளி விட்டால் போதும்.

எந்த எண்களைக் கொடுக்கலாம்?

11, 22, 33, 44 வேண்டவே வேண்டாம். இடம் மாற்றி எழுதும் குழந்தைக்கும் அவை சரியாகவே வரும், நமக்கு ஒன்றும் தெரியாது. 32-ஐக் கொடுத்தால் அதே தாளில் 23-உம் இருக்கட்டும், பக்கத்திலேயே. இரண்டு படமும் கண்ணில் எவ்வளவு வேறாக இருக்கிறது என்று குழந்தை பார்க்கும். இடம் மாற்றி எழுதினால் இரண்டு விடையும் தலைகீழாக வந்து நிற்கும், தவறுவது கவனத்தில் இல்லை, புரிதலில் என்பது அப்போது தெளிவாகும்.

20-க்கு மேல் தொடங்குவதா 11 முதல் தொடங்குவதா என்று கேட்டால், ஒரே ஒரு பட்டை இருக்கும் எண் ஒன்று முதலில், பிறகு நேராக இருபது, முப்பதுகள் என்பது என் பழக்கம். தமிழில் இருபது, முப்பது, நாற்பது என்று எல்லாவற்றிலும் ‘பது’ ஒளிந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டலாம்: இரு பத்து, மூ பத்து. தொண்ணூறு மட்டும் வம்பு, அதன் வாலில் நூறு போன்ற ஒலி இருப்பதால் 90 எங்கே, 100 எங்கே என்று குழந்தை மலைக்கும். இந்தத் தாளில் 50-ஐத் தாண்டாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு வசதி.

பேசிக்கிட்டே இருக்காம ஒரு முழுத் தாளைக் காட்டுங்களேன்?

இதோ, ஆறு கணக்கு.

முதலாவது 14. ஒரு பட்டை, நான்கு கட்டம். கீழே 10 + 4 = 14 என்று நாமே எழுதி வைத்துவிடுவது. இதுதான் வழிமுறை, வாசகமாக எதுவும் வேண்டாம். ‘கீழ்க்காணும் படங்களை உற்றுநோக்கி’ என்று தொடங்கும் வரியை அந்த வயதில் எத்தனை பேர் படித்து முடிப்பார்கள்?

இரண்டாவது 32, மூன்றாவது 23. சாதாரண வாசிப்புதான், ஜோடியாக.

நான்காவது 40. நான்கு பட்டை, ஒன்றுப் பெட்டி காலி. பெட்டியை வரையுங்கள், காலியாகவே விடுங்கள். ஒன்றுமில்லை என்பதால் பெட்டியையே எடுத்துவிட்டால் 0 எங்கிருந்து வந்தது என்பதற்குப் படத்தில் ஆதாரமே இருக்காது. இங்கே வரும் விடை 40 + 0 = 40. சிலர் 4 என்று நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் “அப்படின்னா நாலு கட்டத்தை எப்படி எழுதுவே?” என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்தாவதில் படம் இல்லை. சமக் குறிக்கு அப்புறம் 31 என்று எழுதி, இரண்டு பெட்டியையும் காலியாக விட்டு, குழந்தையை வரையச் சொல்வது.

ஆறாவதுதான் பொறி. ஒரே பெரிய பெட்டி, நடுக்கோடு கிடையாது, தலைப்பும் கிடையாது. இடது பக்கம் நான்கு கட்டம், வலது பக்கம் இரண்டு பட்டை. விடை 24. இடமிருந்து வலமாக எண்ணி எழுதிப் பழகிய குழந்தை 42 எழுதும். எல்லாவற்றையும் பொருளாக எண்ணும் குழந்தை 6 எழுதும். முதல் ஐந்தும் சரி, இது மட்டும் தப்பு என்று எத்தனை தாள் வருகிறது என்று பாருங்கள். முதல் தடவை எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இது குழந்தையை ஏமாற்றுவது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. பட்டை எந்தப் பக்கம் நின்றாலும் அது பத்துதான். இடம் முக்கியமாவது இலக்கமாக எழுதும்போது மட்டும், கட்டைகளைக் கீழே வைக்கும்போது இல்லை. அந்த வித்தியாசம் தெரிவதுதான் நமக்கு வேண்டியது.

என் பொண்ணு முப்பத்திரண்டை 302ன்னு எழுதுறா. இது பெரிய தப்பா?

நல்ல தப்பு என்று சொல்வேன். காதில் விழுந்ததை எழுதுகிறாள்: முப்பது, 30, இரண்டு, 2. பட்டைகள் மூன்றும் சேர்ந்து 30 என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, 5 என்று எழுதும் குழந்தையைவிட ஒரு படி மேலே இருக்கிறாள். தெரியாதது, அந்த 0 இருக்கும் இடத்தில்தான் 2 வந்து உட்கார வேண்டும் என்பது.

இதற்குத் தாளைவிட இரண்டு துண்டு அட்டை நன்றாக வேலை செய்யும். ஒன்றில் 30, அகலமாக. இன்னொன்றில் 2, பாதி அகலம். 2-ஐ எடுத்து 0-வின் மேல் வைத்து மூடச் சொல்லுங்கள். 32 தெரியும். தூக்கினால் 0 திரும்ப எட்டிப் பார்க்கும். நாலைந்து தடவை மூடித் திறந்து விளையாடட்டும், பிறகு தாளுக்கு வரலாம்.

விடை சரி, ஆனா ஒவ்வொரு சதுரத்திலும் பென்சில் புள்ளி வெச்சிருக்கான். சரின்னு டிக் போடலாமா?

டிக் போடுங்கள், ஆனால் புள்ளிகளைப் பார்த்து வையுங்கள். 32-ஐ ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணி வந்திருக்கிறான். பட்டையில் பத்து இருக்கிறது என்று தெரியும், எல்லாப் பட்டையிலும் பத்துதான் இருக்கும் என்று இன்னும் நம்பவில்லை.

இவனுக்கு அடுத்த தாளில், ஒரு பட்டையை மட்டும் பத்துச் சதுரத்தோடு வரைந்து, மற்றவற்றை உள்கோடு இல்லாத வெறும் பட்டையாக, ஆனால் அதே நீளத்தில் வரையலாம். எண்ண உள்ளே ஒன்றும் இல்லாதபோது பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ‘இதுவும் பத்துதான்’ என்று முடிவு செய்தாக வேண்டும். மேலே சொன்ன விதியை நானே மீறுகிறேன் என்பது தெரிகிறது, ஆனால் பத்தை ஏற்கெனவே எண்ணிப் பார்த்தவனுக்குத்தான் இது.

வரையச் சொல்ற கணக்குல குழந்தை பத்துச் சதுரமும் வரையணுமா?

வேண்டாம், அழுதுவிடும். பட்டைக்கு ஒரு நீளக் கோடு, கட்டத்துக்கு ஒரு புள்ளி. கோடு எவ்வளவு நீளம் என்ற குழப்பம் வராமல் இருக்க, காலிப் பெட்டிக்குள் மேலேயும் கீழேயும் மெல்லிய இரண்டு கோடு போட்டு, ‘இதிலிருந்து அது வரைக்கும்’ என்று சொல்லிவிடுங்கள்.

கலர்ல போட்டா நல்லா இருக்குமே?

இருக்கும். ஆனால் பட்டை எப்போதும் நீலம், கட்டம் எப்போதும் சிவப்பு என்று வைத்தால் குழந்தை நிறத்தைப் படிக்கப் பழகிவிடும், நீளத்தைப் பார்க்காது. கறுப்புக் கோடே போதும். அப்புறம் நகல் எடுக்கும்போது நிறம் எப்படியும் சாம்பலாகிவிடும்.

ஒன்றுப் பெட்டியில பத்துக்கு மேல கட்டம் போடலாமா?

இதே தாளில் வேண்டாம், அடுத்த தாளில் கட்டாயம். ஒரு பட்டையும் பதின்மூன்று கட்டமும் வரைந்து கொடுங்கள். எண்ணி இறக்கி வைக்கும் பழக்கம் இன்னும் மிச்சம் இருந்தால் 113 என்று வரும், வேறு எந்தக் கணக்கும் அதை இவ்வளவு அழகாகக் காட்டிக்கொடுக்காது. பத்துக் கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் வளைத்து, ‘இது இப்போ என்ன?’ என்று கேட்டால், ‘இன்னொரு பட்டை’ என்ற பதில் அவர்களிடமிருந்தே வர வேண்டும். 20 + 3 = 23. இந்தக் கணக்குக்கு ஒன்றுப் பெட்டியை 5 செ.மீ. அகலமாக்குங்கள், வளைக்க இடம் வேண்டும். பத்துப் பெட்டியில் ஒரே பட்டைதான் என்பதால் அதை 3.5-ஆகக் குறைத்தால் மொத்த அகலம் மாறாது.

எல்லாம் சரியாப் போட்டுட்டா. நிஜமாவே புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தாளை ஓரமாக வைத்துவிட்டு, பதினாறு பொத்தானை மேசையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் 16 என்று எழுதுங்கள். 6-ஐ விரலால் வட்டமிட்டு, “இது எந்தப் பொத்தான்கள்? எடுத்துக் காட்டு” என்று கேளுங்கள். ஆறு பொத்தானை நகர்த்துவாள். அடுத்து 1-ஐ வட்டமிட்டு அதே கேள்வி. பல குழந்தைகள் ஒரே ஒரு பொத்தானை எடுத்து வைப்பார்கள், ஒன்பது பொத்தான் அனாதையாகக் கிடக்கும்.

அப்போது திருத்தாதீர்கள். மீதி ஒன்பதைக் காட்டி, “இதெல்லாம் எங்கே எழுதியிருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சிலர் “அது சும்மா” என்பார்கள், அவர்களுக்கு இன்னும் நாலைந்து நாள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டும் வேலை இருக்கிறது. சிலர் காகிதத்தையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்து, தான் எடுத்து வைத்த ஒற்றைப் பொத்தானை மெல்ல அந்த ஒன்பதோடு தள்ளிச் சேர்ப்பார்கள்.